‘பாத்து தூக்குங்கப்பா’ என்றால் என்ன அர்த்தம்? குடோன் நைட் ஷிஃப்டில் வாய்மொழி எச்சரிக்கைகளை எழுத்தில் கொண்டு வருவது எப்படி?

இரவு பத்து மணிக்கு தி.நகரில் கடைகளின் ஷட்டர்கள் இறங்கும்போது, பின்தெருக்களில் இன்னொரு வேலை தொடங்குகிறது. பகலில் நெரிசலால் உள்ளே வர முடியாத சரக்கு வண்டிகள் அப்போதுதான் வரும். ஜவுளி பண்டல்கள் இறங்கும், ரேக்கில் ஏறும், விடிவதற்குள் கடைக்குப் பிரித்து அனுப்பப்படும். மயிலாப்பூரிலும் அடையாறிலும் மளிகையை நிமிடங்களில் வீட்டுக்குக் கொண்டுவரும் நிறுவனங்களின் சிறு கிடங்குகள் இரவிலும் இயங்குகின்றன.

இந்த இடங்களில் பாதுகாப்பு விதி என்பது பெரும்பாலும் ஒருவரின் குரல்தான். ஷிஃப்ட் சூப்பர்வைசர், எல்லோருக்கும் ‘அண்ணா’, நடந்துகொண்டே சொல்வார்: “பாத்து தூக்குங்கப்பா.” “வழியில வைக்காதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?” “சார்ஜ்ல போட்டுட்டு தூங்கிடாதடா.” பல வருட அனுபவத்தில் வந்த சரியான அறிவுரைகள்தான். சிக்கல் என்னவென்றால், அவர் லீவில் இருக்கும் இரவில் அந்த விதிகளும் லீவில் போய்விடுகின்றன. நேற்று சேர்ந்தவருக்கு அவை தெரியாது. தமிழ் தெரியாதவருக்கு அவை வெறும் சத்தம்.

சரி, அதையெல்லாம் அப்படியே எழுதி சுவரில் ஒட்டிவிட்டால் போதுமா? போதாது. ஏன் என்று பார்ப்போம்.

அதிகாலையில் என்ன நடக்கும்?

2017 மே 31 அதிகாலை, தி.நகர் உஸ்மான் சாலையில் தி சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. பல மாடிக் கட்டடம், உள்ளே முழுவதும் துணி. கடை மூடியிருந்த நேரம் என்றாலும் மேலே ஊழியர்கள் இருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் அவர்களை மீட்டார்கள். தீ ஒரு நாளைத் தாண்டியும் எரிந்தது, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது, பிறகு முழுவதும் இடிக்கப்பட்டது.

டெல்லியில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2019 டிசம்பர் 8 அதிகாலை, அனாஜ் மண்டி பகுதியில் சிறு தொழிற்கூடங்கள் இயங்கிய கட்டடம் ஒன்றில் தீப்பிடித்து 43 பேர் இறந்தார்கள். பலர் அங்கேயே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். தீயைவிட புகைதான் அதிகம் பேரைக் கொன்றது.

இரண்டுமே ஆட்கள் களைத்திருக்கும், தெரு காலியாக இருக்கும் நேரத்தில் நடந்தவை. அந்த நேரத்தில் யாரும் ‘அண்ணா என்ன சொன்னாரு’ என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. எந்தக் கதவு, யாரிடம் சாவி, எங்கே போய் நிற்பது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும்

ஒரு கற்பனை குடோனை எடுத்துக்கொள்வோம். தி.நகர் பின்தெரு, தரைத்தளமும் ஒரு மாடியும், இரவு 10 முதல் காலை 6 வரை 14 பேர். விதிகளை எழுத வேண்டிய பொறுப்பு அலுவலகத்தில் இருக்கும் ஒருவருக்கு வருகிறது. அவர் செய்யக்கூடாத முதல் காரியம், இணையத்தில் கிடைக்கும் ‘கிடங்குப் பாதுகாப்பு விதிமுறைகள் 25’ என்ற பட்டியலை எடுத்து அச்சடிப்பது. அந்தப் பட்டியலில் ஃபோர்க்லிஃப்ட் இருக்கும். இந்த குடோனில் ஃபோர்க்லிஃப்ட் நுழையவே இடம் இருக்காது. தங்களிடம் இல்லாத வண்டியைப் பற்றிய விதியைப் படித்தவர், அதற்கு அடுத்த வரியையும் நம்ப மாட்டார்.

அதற்குப் பதில் மூன்று நான்கு இரவுகள் சூப்பர்வைசரோடு நடக்கலாம். அவரிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளலாம். எந்த இடத்தில் நின்று சொன்னார், எத்தனை மணிக்கு, யார் என்ன செய்துகொண்டிருந்தபோது என்பதையும் சேர்த்து. ‘பாத்து’ என்ற ஒரு சொல் ஏணி அருகே ஒரு பொருளிலும், லாரி பின்பக்கம் வேறு பொருளிலும் வரும். பேச்சில் மீதி விவரத்தை அவருடைய கை காட்டிவிடுகிறது. எழுத்துக்குக் கை கிடையாது. அந்தக் கை காட்டியதைத்தான் எழுத வேண்டும்.

‘பாத்து தூக்குங்க’ எப்படி மாறுகிறது?

சூப்பர்வைசரிடம் கேட்டால் விளக்கம் தானாக வரும். “பெரிய பண்டல ஒத்த ஆளா தூக்கிட்டு அப்படியே இடுப்ப திருப்புறானுங்க, மறுநாள் லீவு போடுறானுங்க.” இதில் மூன்று விஷயம் இருக்கிறது: எடை, ஆள் எண்ணிக்கை, இடுப்பைத் திருப்புவது.

எடைக்கு ஓர் எண் வேண்டும். அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் தன் கணக்கீட்டில் 23 கிலோவை உச்ச வரம்பாக வைக்கிறது. ஆனால் அது எல்லாம் சரியாக அமைந்தால் மட்டும்: சுமை உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், இடுப்பளவு உயரத்தில் இருக்க வேண்டும், பிடிக்க வசதி இருக்க வேண்டும், உடம்பு திரும்பக்கூடாது, அடிக்கடி தூக்கக்கூடாது. தரையிலிருந்து எடுத்தாலோ தலைக்கு மேல் ஏற்றினாலோ அந்த எண் குறைந்துகொண்டே போகும். இரவு முழுக்க பண்டல் ஏற்றும் இடத்தில் 23-ஐ ‘அனுமதிக்கப்பட்ட எடை’ என்று எழுதுவது தவறு. அதற்குக் கீழே ஓர் அளவை சூப்பர்வைசரும் தூக்குபவர்களும் சேர்ந்து முடிவு செய்யலாம். இந்த குடோனில் 20 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த கேள்வி: இரவு இரண்டு மணிக்கு ஒரு பண்டல் 20 கிலோவா 30 கிலோவா என்று யாருக்குத் தெரியும்? தெரியாது. அப்படியானால் எடையை எழுதுவதில் பயனில்லை. கண்ணில் படும் அடையாளம் வேண்டும். லாரியில் இறங்கும்போதே கனமான பண்டலில் சிவப்பு டேப் ஒட்டச் சொல்லலாம். இப்போது விதி இப்படி ஆகிறது:

“சிவப்பு டேப் ஒட்டிய பண்டலை இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள். டேப் இல்லாவிட்டாலும் கனமாகத் தெரிந்தால் துணைக்கு ஆள் கூப்பிடுங்கள். பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தால் காலை நகர்த்தித் திரும்புங்கள். இடுப்பை மட்டும் திருப்ப வேண்டாம்.”

‘பாத்து’ என்ற சொல் இதில் இல்லை. ஆனால் அவர் பார்க்கச் சொன்னது எல்லாம் இருக்கிறது.

எழுத முடியாத வாக்கியம்

இதே குடோனில் சூப்பர்வைசர் தினமும் சொல்லும் இன்னொன்று: “ஷட்டர முழுசா போட்டுடாதீங்கப்பா, காத்து வரணும்.” சாதாரணமாகக் கேட்டால் புழுக்கத்துக்காகச் சொல்வது போலத்தான் இருக்கும். எழுத உட்காரும்போதுதான் உண்மையான விஷயம் வெளியே வரும்.

ஷட்டரை எவ்வளவு திறந்து வைக்க வேண்டும்? ‘ஓர் ஆள் குனிஞ்சு போற அளவுக்கு.’ யார் திறப்பது? ‘வாட்ச்மேன்.’ சாவி? ‘அவர்கிட்டதான்.’ அவர் டீ குடிக்கப் போனால்? இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். விசாரித்தால், திருட்டு பயத்தில் பன்னிரண்டு மணிக்கு மேல் ஷட்டரைப் பூட்டச் சொல்லி முதலாளி வாட்ச்மேனிடம் தனியாகச் சொல்லியிருப்பார். சூப்பர்வைசர் ஒன்று சொல்கிறார், முதலாளி வேறு சொல்கிறார். பேச்சில் இரண்டும் பல வருடம் சேர்ந்து வாழும். தாளில் ஒன்றுதான் இருக்க முடியும்.

எழுத்தில் கொண்டு வருவதன் பெரிய பயனே இதுதான் என்று சொல்லலாம். ஒரு விதியை எவ்வளவு முயன்றும் தெளிவாக எழுத முடியவில்லை என்றால், குறை தமிழில் இல்லை. யாரோ எடுக்க வேண்டிய முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. அதை ‘உரிய கவனத்துடன் செயல்படவும்’ என்று பூசி மெழுகி ஒட்டுவதுதான் மிக ஆபத்தானது.

முடிவு முதலாளியிடமிருந்துதான் வர வேண்டும். உள்ளே ஒருவர் இருந்தாலும் வெளியேறும் வழி சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும் என்பது அடிப்படை. ஷட்டர் பூட்டியே ஆக வேண்டும் என்றால், பின்கதவில் உள்ளிருந்து கையால் திறக்கும் தாழ்ப்பாள் போடலாம். வெளியிலிருந்து திறக்க மட்டும் சாவி. இது இரும்புக் கடை வேலை, செலவு பெரிதல்ல. அது முடிந்த பிறகுதான் இந்த வரியை எழுத முடியும்:

“பின்கதவு இரவு முழுக்க தாழ்ப்பாளில் மட்டும் இருக்கும், பூட்டு போடக்கூடாது. கதவுக்கு முன்னால் மஞ்சள் கோட்டுக்குள் எதையும் வைக்க வேண்டாம், ஐந்து நிமிடத்துக்குக் கூட. ஷிஃப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர் கதவை ஒருமுறை திறந்து பார்ப்பார்.”

கடைசி வாக்கியத்தைக் கவனிக்கலாம். அது தொழிலாளிக்கு அல்ல, சூப்பர்வைசருக்கான வேலை. மேலே இருப்பவர் என்ன செய்வார் என்பதும் அதே தாளில் இருந்தால், கீழே இருப்பவர் அதை உத்தரவாக மட்டும் படிக்க மாட்டார்.

‘டா’வை என்ன செய்வது?

மெட்ராஸ் பேச்சில் ‘தூக்குடா’ என்பதில் உரிமையும் இருக்கும், அன்பும் இருக்கும். பத்து வருடம் கூட வேலை பார்த்தவர் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதையே சுவரில் எழுதினால் அவமானம். ஏனென்றால் சுவருக்கு யாருடனும் பழக்கம் இல்லை. ஐம்பது வயதுக்காரரும், புதிதாக வந்த பெண் ஊழியரும், கல்லூரி முடித்த பையனும் அதே வரியைத்தான் படிப்பார்கள்.

எழுத்தில் தமிழுக்கு மூன்று வழி இருக்கிறது. ‘தூக்கு’ என்பது வேண்டாம். ‘தூக்கவும்’ என்பது அரசு அலுவலகப் பலகையின் தொனி. மரியாதைக் குறைவு இல்லை, ஆனால் யாரிடமும் பேசாதது போல இருக்கும். ‘தூக்குங்கள்’ என்பது ஆளைப் பார்த்துப் பேசுகிறது, மரியாதையும் இருக்கிறது. எப்படிச் செய்வது என்று விளக்கும் இடத்தில் ‘ங்கள்’ நன்றாக வேலை செய்யும். இரண்டு மூன்று சொல்லில் முடியும் பலகைக்கு ‘வும்’ போதும். ‘கூடாது’ என்பதை உயிர் போகும் விஷயங்களுக்கு மட்டும் எடுத்து வைக்க வேண்டும். பூட்டு போடக்கூடாது என்பதும், பாத்ரூமில் செருப்பு விடக்கூடாது என்பதும் ஒரே தாளில் ஒரே தொனியில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே மதிப்புதான் கிடைக்கும்.

இன்னொன்று, ‘மீறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற வரி. எல்லாத் தாளிலும் கடைசியில் இது தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதனால் நடப்பது என்னவென்றால், ரேக் லேசாக வளைந்திருந்தால் அதைப் பார்த்தவர் சொல்ல மாட்டார்; தான்தான் இடித்தோம் என்று ஆகிவிடும் என்ற பயம். அந்த இடத்தில் ‘ரேக் வளைந்திருந்தால் உடனே சொல்லுங்கள், யார் இடித்தது என்று முதலில் கேட்க மாட்டோம்’ என்று எழுதலாம். ஆனால் எழுதிய பிறகு உண்மையிலேயே கேட்கக்கூடாது. ஒரே ஒரு தடவை கேட்டாலும் அந்த வரி செத்துவிடும்.

பெயரும் வேண்டாம். ‘போன வாரம் அவன் செஞ்ச மாதிரி செய்யாதீங்க’ என்பது பேச்சில் ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும், தாளில் மாதக்கணக்கில் தொங்கும். நடந்ததைச் சொல்லலாம், ஆளைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிச் சொல்லில் ஒளிந்திருக்கும் ‘வேண்டாம்’

தமிழில் வினை கடைசியில் வரும், மறுப்பும் அதோடு கடைசியில்தான் வரும். ‘மாடிக்கு அவசரமாகப் பொருள் கொண்டு போக வேண்டியிருந்தாலும் சரக்கு லிஃப்டில் ஆட்கள் ஏறிச் செல்ல வேண்டாம்’ என்ற வாக்கியத்தில் கடைசிச் சொல்லை விட்டால் பொருள் தலைகீழாகிவிடும். அரைத் தூக்கத்தில் படிப்பவர் கடைசிச் சொல் வரை போவார் என்பது நிச்சயமில்லை. வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி பாதியில் மடங்கிவிடும், நோட்டிஃபிகேஷனில் முதல் வரி மட்டும்தான் தெரியும்.

தீர்வு எளிது. செய்யக்கூடாததைச் சொல்வதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்லலாம்: “லிஃப்டில் சரக்கு மட்டும். ஆட்கள் படிக்கட்டில்.” ஐந்தே சொற்கள். எங்கே வெட்டினாலும் தவறான பொருள் வராது.

சார்ஜர் விதியும் அப்படித்தான். ‘சார்ஜ்ல போட்டுட்டு தூங்கிடாதடா’ என்பதை ‘சார்ஜ் போட்டுவிட்டு உறங்குவதைத் தவிர்க்கவும்’ என்று மாற்றுவது வெறும் உடை மாற்றம். ஸ்கேனர், பவர் பேங்க், டெலிவரி ஸ்கூட்டரின் கழற்றும் பேட்டரி என்று எல்லாம் லித்தியம் அயன். கெட்டுப்போனது திடீரென்று எரியும், அதுவும் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தால் சொல்லவே வேண்டாம். விதி இப்படி இருக்கலாம்: “சார்ஜ் போட வாசல் அருகே உள்ள சிமெண்ட் மேடை மட்டும். உப்பிய, சூடான, வாடை வரும் பேட்டரியை சார்ஜில் போடாமல் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். 3 மணி இடைவேளைக்கு முன் எல்லா சார்ஜரையும் பிடுங்குங்கள்.” பிடுங்கும் வேலை யாருடையது என்பதும் வேண்டும். ‘எல்லோரும்’ என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள். அன்றைய பேக்கிங் மேசையில் இருப்பவர் என்று எழுதலாம்.

தீ அணைப்பது பற்றி சூப்பர்வைசர்கள் பொதுவாக “ஏதாச்சும் பத்திக்கிச்சுன்னா உடனே அணைச்சிடுங்க” என்பார்கள். இதை அப்படியே எழுதவே கூடாது. தீயணைப்பானில் இருக்கும் பவுடர் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். தீ ஒரு குப்பைக்கூடை அளவுக்குள் இருந்து, வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் திறந்திருந்தால் மட்டும் முயற்சி செய்யலாம். பின்னை இழுத்து, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து அழுத்த வேண்டும். ஒரு சிலிண்டரில் அணையவில்லை என்றால் விட்டுவிட்டு வெளியே போக வேண்டும். பிறகு 101 அல்லது 112. ‘சரக்கைக் காப்பாற்றத் திரும்ப உள்ளே வர வேண்டாம்’ என்பதை முதலாளியின் கையெழுத்தோடு எழுதினால்தான் நம்புவார்கள்.

தமிழ் தெரியாதவர்களுக்கு?

சென்னை குடோன்களில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இல்லாத இரவு ஷிஃப்ட் குறைவு. தொழிற்சாலைகளுக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 108-வது பிரிவே, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும், நுழைவாயில் அருகே கண்ணில் படும்படி, படிக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கடையோடு ஒட்டிய சிறு குடோனுக்கு எந்த விதி பொருந்தும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டம் தேவையில்லை.

மொழிபெயர்ப்பை அதே ஷிஃப்டில் வேலை பார்க்கும் ஒருவரிடம் உரக்கப் படிக்கக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். இந்தியில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என்று மூன்று நிலை உண்டு. தமிழில் ‘ங்கள்’ என்று எழுதிவிட்டு இந்தியில் ‘தூ’ வந்தால், மரியாதை யாருக்கு, யாருக்கு இல்லை என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே அதைத் தன் குரலில் வாய்ஸ் மெசேஜாகப் பதிவு செய்யலாம். சொற்கள் குடோனில் புழங்கும் சொற்களாகவே இருக்கட்டும்: பண்டல், ரேக், டிராலி, ஷட்டர். ‘அடுக்குத்தட்டு’ என்று எழுதினால் தமிழ்க்காரரே யோசிப்பார்.

ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை

தாளைப் படித்துவிட்டு ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் அதைக் கேட்பதில் பயனில்லை. கடைசியாகச் சேர்ந்தவரிடம் தாளைக் கொடுத்து, ‘பின்கதவ திறந்து காட்டுங்க’, ‘பேட்டரி உப்பியிருந்தா என்ன பண்ணுவீங்க?’ என்று கேட்கலாம். அவர் தயங்கும் இடத்தில் திருத்த வேண்டியது தாளை, அவரை அல்ல. இதை இரவு இரண்டு மணிக்கு, குடோனில் எரியும் அதே டியூப்லைட் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். அலுவலகத்தில் பகலில் படிக்க முடிந்த எழுத்து அங்கே தெரியாமல் போகலாம்.

சூப்பர்வைசரின் பங்கையும் மறைக்கக்கூடாது. தன் பேச்சை யாரோ ‘திருத்தி’ ஒட்டியதாக அவர் நினைத்தால், தாளுக்கு முன்னால் நின்றே கிண்டல் செய்வார். அதோடு கதை முடிந்தது. இது அவர் சொன்னதிலிருந்து எழுதப்பட்டது என்பது தாளிலேயே இருக்கட்டும். ஷிஃப்ட் தொடக்கத்தில் தினமும் ஒரு விதியை மட்டும் அவர் தன் பாணியில் இரண்டு நிமிடம் பேசலாம். டா, டி எல்லாம் அங்கே அவர் விருப்பம், கேட்பவர்கள் விருப்பம்.

தாளின் கீழே தேதி, அடுத்து எப்போது பார்க்கப்படும் என்ற தேதி, இரவில் எடுக்கும் ஒரு போன் எண். ரேக் இடம் மாறினால், புது லிஃப்ட் வந்தால் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினால், பாதி கிழிந்த பழைய விதிதான் கண்ணில் படும்.